காகிதத்தில் பனியன் தைத்தவர்கள்

திருப்பூர் அவிநாசி சாலையில் நடந்த ஒரு தொழில் கூட்டத்தில் மூத்த ஏற்றுமதியாளர் ஒருவர் பேசினார். அவர் பெயர் இங்கே வேண்டாம். அவர் பேசியதைத்தான் ஊரில் பாதிப் பேர் டீக்கடையில் பேசுகிறார்கள், அவர் மைக்கில் பேசினார், அவ்வளவுதான். "டெல்லிக்குப் போறதும் ஒரு தொழில்தானுங்க. கோட்டா இருந்த வரைக்கும் சின்ன ஆளுக்கும் ஒரு பிடிமானம் இருந்துச்சு. கோட்டா ஒரு சொத்து, அதை வித்தவனைத் திட்டறது நிலம் வித்தவனைத் திட்டற மாதிரி. நூலை வெளிநாட்டுக்கு விடாதீங்கன்னு நாம கேட்டதும் நாட்டோட நன்மைக்குத்தான்" என்றார். அரங்கு கை தட்டியது. நான் கோட்டா காலத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் டாக்குமென்ட் பார்த்தவன். எனக்குக் கை எழவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இது.

அவர் சொன்னதில் உண்மையான பகுதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1974இல் பல்லிழை ஒப்பந்தம் வந்தது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் எந்த நாட்டிலிருந்து எத்தனை உருப்படி ஆடை உள்ளே வரலாம் என்று அளவு வைத்தன. ஹாங்காங், கொரியா, தைவான் போன்ற பெரிய கைகளின் அளவு நிரம்பியதும், வாங்குபவர்கள் அளவு மீதமிருந்த நாடுகளைத் தேடினார்கள். 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூர்ப் பக்கம் வந்த கதையை இந்த ஊரில் எல்லாரும் சொல்வார்கள். கோட்டா என்ற ஏற்பாட்டுக்கு நம் ஊர் வளர்ச்சியில் பங்கே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்.

ஆனால் இங்கே இரண்டு கோட்டா இருந்தன. நாட்டுக்கு நாடு பிரித்தது ஒன்று. இந்தியாவுக்கு வந்த பங்கை இந்தியாவுக்குள் யாருக்குக் கொடுப்பது என்று பிரித்தது இன்னொன்று. முதலாவது ஆர்டரைக் கொண்டுவந்தது. பேச்சாளர் நெகிழ்ந்து நினைவுகூர்வதோ இரண்டாவதை. அது ஆர்டரைக் கொண்டுவரவில்லை. வந்த ஆர்டரின் மேல் ஒரு சுங்கச்சாவடி கட்டியது.

அந்தக் காலத்தைப் பார்க்காத பிள்ளைகளுக்காக, சாவடி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். 1978இல் தொடங்கிய ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம், அதாவது ஏஇபிசி, ஆடைக் கோட்டாவைப் பிரித்துக் கொடுத்தது. ஒவ்வொரு ஆடைக்கும் ஓர் எண் உண்டு. ஐரோப்பாவுக்குப் போகும் டி-ஷர்ட் கேட்டகரி 4. அமெரிக்காவுக்குப் போகும் பருத்திப் பின்னலாடைச் சட்டை 338, 339. சரக்கு தயாராகிவிட்டது என்பதற்காகக் கப்பல் ஏற்றிவிட முடியாது. அந்த எண்ணில், அந்த நாட்டுக்கு, அத்தனை உருப்படிக்கு உங்கள் பெயரில் கோட்டா இருக்கிறது என்று ஷிப்பிங் பில்லில் சான்று விழ வேண்டும். அது விழாமல் கஸ்டம்ஸ் சரக்கைத் தொடாது. கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும்.

கோட்டாவின் பெரும்பகுதி 'பாஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்ற பேரில் போனது. முந்தைய ஆண்டுகளில் யார் எவ்வளவு அனுப்பினாரோ அவருக்கு அதற்கேற்ற பங்கு. மிச்சத்தில் ஒரு பகுதி 'முதலில் வந்தவருக்கு முதலில்'. இன்னும் சில சிறு வழிகளும் இருந்தன. இதில் பாஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் கோட்டாவை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அந்தச் சலுகைக்குள் ஒரு சந்தையே முளைத்தது. கோட்டா புரோக்கர்கள் வந்தார்கள். தங்கம் விலை கேட்பது போல, "கேட்டகரி நாலு இன்னைக்கு என்ன ரேட்?" என்று காலையில் போன் போடுவது என் வேலைகளில் ஒன்று. வருடக் கடைசியில் கேட்டகரி நிரம்பிவிட்டால் விலை எகிறும். நிரம்பாமல் தொங்கினால் சரிந்து விழும். தைப்பவருக்கும் சாயம் போடுபவருக்கும் அந்த விலையோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

கணக்குக்காக ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். நூல், நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், முதலாளியின் நியாயமான லாபம் எல்லாம் சேர்த்து அது 80 ரூபாய்க்கு நிற்கிறது. எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் வாங்கும் நாட்டில் சரக்குத் தட்டுப்பாடு. வாங்குபவர் 100 ரூபாய் தரத் தயார். நடுவில் நிற்கும் 20 ரூபாய்தான் கோட்டாவின் விலை. கையில் கோட்டா இல்லாத ஏற்றுமதியாளர் பத்தாயிரம் உருப்படி அனுப்ப வேண்டுமென்றால், கோட்டா வைத்திருப்பவரிடம் இரண்டு லட்சம் கொடுக்க வேண்டும். அந்த மனிதர் ஓர் அங்குலத் துணிகூட நெய்யவில்லை, ஒரு பொத்தான்கூடத் தைக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் அவர் பெயரில் சரக்குப் போயிருந்தது. அவருடைய உழைப்பு அந்த ஷிப்பிங் பில்லோடு முடிந்துவிட்டது.

"வெளிநாட்டான் காசுதானே, நம்ம ஊருக்குள்ளதானே வந்துச்சு?" என்பார் பேச்சாளர். இந்தக் கேள்விக்குத்தான் பதில் வேண்டும், ஏனென்றால் பாதி சரியான கேள்வி இது. 20 ரூபாய் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போனால் நாட்டுக்கு நட்டமில்லை என்றுதான் பொருளியல் படித்தவர்களே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 1967இல் கோர்டன் டுல்லக் என்பவர் அதைத் திருட்டோடு வைத்துப் பார்த்தார். திருடன் எடுத்த நகை வெறும் கைமாற்றம், சரி. ஆனால் திருடன் திருடக் கற்ற நேரம், வீட்டுக்காரர் வாங்கிய பூட்டு, ஊர் வைத்த காவல்காரர் சம்பளம் ஆகிய எல்லாமே எதையும் உருவாக்காமல் கரைந்த செலவு. நகை எவ்வளவு பெரியதோ, அதைச் சுற்றிக் கரைவதும் அவ்வளவு பெரியதாக வளரும்.

1974இல் ஆன் க்ரூகர் இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே வைத்தார். நாம் தமிழில் சலுகை வேட்டை என்று வைத்துக்கொள்வோம். அவர் எடுத்துக்கொண்ட இரண்டு நாடுகளில் ஒன்று இந்தியா என்பது நமக்கு வெட்கம். அப்போது இங்கே மூலப்பொருள் இறக்குமதி உரிமத்தை ஆலையின் கொள்ளளவைப் பார்த்துக் கொடுத்தார்கள். அதனால் ஏற்கெனவே இருக்கும் மெஷின் பாதி நேரம் சும்மா நிற்கும்போதே ஆலைக்காரர்கள் இன்னும் மெஷின் வாங்கிப் போட்டார்கள். மெஷின் ஓட்டுவதற்காக வாங்கப்படவில்லை, உரிமம் கேட்பதற்காக வாங்கப்பட்டது. 1964ஆம் ஆண்டுக்கு இந்திய உரிமங்களின் மதிப்பை நாட்டு வருமானத்தில் ஏழு சதவீதத்துக்கும் மேல் என்று அவர் கணக்கிட்டார். அந்த உரிமங்களைப் பிடிக்க ஓடிய ஓட்டத்தில் ஏறக்குறைய அவ்வளவும் கரைந்திருக்கலாம் என்பது அவர் வாதம்.

இதைத் திருப்பூருக்குக் கொண்டுவாருங்கள். பங்கு முந்தைய ஏற்றுமதியைப் பார்த்துக் கிடைக்கும் என்றால், இந்த ஆண்டு நட்டத்துக்கு அனுப்பினாலும் அடுத்த ஆண்டு கோட்டா வரும். அந்த ஏற்பாட்டில் மலிவு விலைக்கு ஒப்புக்கொண்டு எண்ணிக்கையைக் காப்பாற்றுவது முட்டாள்தனம் ஆகாது, அதுதான் புத்திசாலித்தனம். வாங்குபவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நல்ல துணி, நல்ல டிசைன், நல்ல பினிஷிங் என்று சொல்லி இரண்டு ரூபாய் கூட்டிக் கேட்க வேண்டிய மூளை, எண்ணிக்கை நிரப்பும் வேலைக்குப் போனது. நான் பார்த்த கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டருக்கு உள்ளே சின்னதாய் ஓர் அறை. கோட்டா பார்க்கும் ஆளுக்கு ஏசி அறை. யாருக்கு ஏசி என்று பாருங்கள், அந்தத் தொழில் எதனால் சம்பாதிக்கிறது என்று தெரிந்துவிடும்.

சின்ன ஆளுக்குப் பிடிமானம் என்றாரே, அதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டிய இடம். திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை என்று அவருக்குத் தெரியாதா? நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரின்டிங், எம்பிராய்டரி தனித்தனி. தையலைப் பவர்டேபிள் யூனிட் வைத்திருப்பவர் பீஸ் ரேட்டுக்கு எடுப்பார். ஜாப் ஒர்க் இல்லாமல் இந்த ஊர் ஒரு நாள் நடக்காது. ஆனால் பாஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் யார் பெயரில் ஏறியது? ஷிப்பிங் பில்லில் ஏற்றுமதியாளர் என்று யார் பெயர் இருந்ததோ அவர் பெயரில். பத்து ஆண்டு தைத்த பவர்டேபிள்காரர், தானே நேராக ஏற்றுமதி செய்யலாம் என்று துணிந்து கம்பெனி தொடங்கினால், அவருடைய முந்தைய சாதனை பூஜ்யம். தான் தைத்த உருப்படிகளால் இன்னொருவர் சம்பாதித்த கோட்டாவை, அந்த இன்னொருவரிடமே விலை கொடுத்து வாங்க வேண்டும். இதைப் பிடிமானம் என்கிறார். கழுத்தைப் பிடிப்பதும் ஒருவகையில் பிடிமானம்தான்.

கோட்டா சொத்து, நிலம் மாதிரி என்கிறார். மற்றவர் எல்லாருக்கும் நிலம் இருந்தாலும் உங்கள் நிலம் விளையும். நிட்டிங் மெஷினும் அப்படித்தான், பக்கத்துக் கம்பெனியிலும் ஒன்று இருப்பதால் உங்கள் மெஷினில் துணி ஓடாமல் போகாது. கோட்டாவுக்கு விலை இருந்ததற்கு ஒரே காரணம், அது மற்றவரிடம் இல்லை என்பது. எல்லாருக்கும் கொடுத்த அன்றைக்கு அது வெறும் தாள். அப்படித்தான் ஆயிற்று. 1995இல் உலக வணிக அமைப்பு வந்தபோதே, பத்து ஆண்டில் இந்த வரம்புகள் போய்விடும் என்று கையெழுத்தாகிவிட்டது. பணக்கார நாடுகள் தந்திரமாகப் பாதிக்கு அருகில், 49 சதவீதத்தைக் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைத்தன. அவர்கள் ஊரிலும் சலுகை வேட்டைக்காரர்கள் உண்டு. 1961இலேயே பருத்தித் துணிக்குக் குறுகிய கால ஏற்பாடு என்று தொடங்கி இந்த வரம்புகளைக் கேட்டு வாங்கியது அந்த ஊர் மில் முதலாளிகளுக்காகத்தானே. அங்கே ஒரு கூட்டம் கதவைச் சாத்தியது, இங்கே ஒரு கூட்டம் சாவித் துவாரத்துக்குக் கட்டணம் வாங்கியது. 2004 டிசம்பர் 31 ராத்திரியோடு முடிந்தது. மறுநாள் காலை கேட்டகரி 4 ரேட் கேட்க யாரும் போன் போடவில்லை. பத்து வருட முன்னறிவிப்பு இருந்தும் அந்தத் தாளைச் சொத்து என்று நம்பிக் காத்திருந்தவர்களுக்கு நான் அனுதாபப்படவில்லை.

'கோட்டா போனால் சீனா விழுங்கிவிடும்' என்று அப்போது பயமுறுத்தியவர்கள்தான் இப்போது கோட்டாவுக்கு அழுகிறார்கள். சீனாவின் மேல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் 2005இலேயே திரும்பவும் சில வருடங்களுக்கு வரம்பு போட்டன, அது நமக்கு ஒரு கைகொடுத்தது, மறுக்கவில்லை. அந்த வரம்புகளும் 2008 முடிவோடு போய்விட்டன. 2024-25இல் திருப்பூரின் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். அதில் ஒரு உருப்படிக்குக்கூடக் கோட்டா இல்லை.

இனி நூல் விவகாரம். இதில் பேச்சாளர் நாட்டின் நன்மையை இழுத்ததால், கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும்.

2010இல் பருத்தி விலையும் நூல் விலையும் ஏறத் தொடங்கின. ஆர்டர் எடுத்தபோது ஒரு விலை, நூல் வாங்கும்போது வேறு விலை. அந்த வலி பொய்யில்லை, நானும் அந்த ஊரில்தான் இருந்தேன். ஊர் என்ன கேட்டது? நூல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்து என்று. முதலில் நூல் ஏற்றுமதிக்கு இருந்த ஊக்கச் சலுகைகள் போயின. பிறகு 2010-11ஆம் ஆண்டுக்கு 720 மில்லியன் கிலோவுக்கு மேல் நூல் வெளியே போகக் கூடாது என்று டிசம்பரில் வரம்பு வந்தது. மில்லுக்கு வெளிச்சந்தையில் நல்ல விலை கிடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டது. கோயம்புத்தூர், திண்டுக்கல், ராஜபாளையம் மில்களில் நூல் தேங்கியது. அந்த மில்கள் உச்ச விலையில் பருத்தி வாங்கி வைத்திருந்தன. 2011 மார்ச் வாக்கில் ஒரு கண்டி பருத்தி, அதாவது 356 கிலோ, 60,000 ரூபாயைத் தாண்டிப் போயிருந்தது. சில மாதங்களில் அது ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. உலக விலை விழுந்தது என் பேச்சாளரின் குற்றமில்லை. ஆனால் விலை நன்றாக இருந்தபோது விற்க விடாமல் தடுத்து, விலை விழத் தொடங்கும் நேரத்தில், 2011 ஏப்ரலில், கதவைத் திறந்துவிட்டதில் அவருடைய மனுவுக்கும் பங்கு உண்டு. மில்கள் உற்பத்தியைக் குறைத்தன, வங்கிக் கடனை மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சின. அதே மில்களிடம்தான் அடுத்த சீசனுக்கு இவர் நூல் வாங்க வேண்டும்.

இதே காலத்தில் மில்காரர்கள் சும்மா இருந்தார்களா? அவர்கள் பருத்தி ஏற்றுமதியை நிறுத்தச் சொன்னார்கள். 2010-11க்குப் பருத்திக்கு 55 லட்சம் பேல் என்று வரம்பு வந்தது. ஏற்றுமதிக்குப் பதிவு திறந்த சில நாட்களிலேயே அவ்வளவும் பதிவாகித் தீர்ந்தது. ஆனால் பதிவானதெல்லாம் குறித்த தேதிக்குள் கப்பல் ஏறவில்லை, கெடுவை நீட்டிக்க வேண்டி வந்தது. வரம்பு போட்டவுடன் முதலில் ஓடுவது லாரி இல்லை, விண்ணப்பம் என்று காட்ட இதைவிட நல்ல சாட்சி கிடையாது. கேட்டகரி 4 செத்து ஆறு வருடம்கூட ஆகவில்லை, அதன் பேய் பருத்தி மூட்டைக்குள் புகுந்துவிட்டது.

2012 மார்ச் 5ஆம் தேதி பருத்தி ஏற்றுமதிக்கு ஒரேயடியாகத் தடை. விவசாய அமைச்சர் சரத் பவார் தன்னைக் கேட்கவே இல்லை என்று பிரதமருக்கு எழுதினார். குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடி எதிர்த்தார். ஒரு வாரத்துக்குள் அரசு பின்வாங்கியது. ஒரு வாரம் என்றால் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வெளிநாட்டில் நம் பருத்தியை வாங்குபவருக்கு, இந்தியா எந்தத் திங்கட்கிழமையும் கதவைச் சாத்தலாம் என்ற பாடம் அது. அடுத்த ஆர்டருக்கு அவர் அந்தப் பயத்தையும் விலையில் கழித்துக்கொள்வார்.

சங்கிலியைப் பாருங்கள். பனியன் கம்பெனி மில்லின் கதவைச் சாத்தச் சொல்கிறது. மில் ஜின்னிங்காரரின் கதவைச் சாத்தச் சொல்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் இருப்பவரின் வாடிக்கையாளரைக் குறைத்துத் தனக்கு மலிவு கேட்கிறார். கடைசியில் நிற்பவர் பெரம்பலூர்ப் பருத்தி விவசாயி. அவருக்கு முன்னால் மண்ணும் மழையும்தான், மனுக் கொடுக்க ஆளில்லை. பிறகு 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் விவசாயி பேரைச் சொல்லிப் பருத்தி இறக்குமதிக்கு ஏறக்குறைய 11 சதவீத வரி வந்தது. நூல் விலை ஏற, 2022 மே மாதம் திருப்பூர் இரண்டு நாள் கடையடைத்தது. அதற்குள் ஏப்ரலிலேயே வரியைத் தற்காலிகமாக நீக்கியிருந்தார்கள், பிறகு திரும்ப வந்தது, 2025 ஆகஸ்டில் திரும்ப நீக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் யார் முந்திக்கொண்டு செய்தி அறிந்தாரோ அவர் ஸ்டாக் வைத்து லாபம் பார்த்தார். மெஷினை நன்றாக ஓட்டியவருக்கு, நன்றாக ஓட்டியதற்கு அதில் ஒன்றுமே கிடைக்கவில்லை.

நூலைப் பிடித்து வைத்தால் நாட்டுக்குள் மதிப்புக் கூடும் என்பது பேச்சாளரின் வாதம். மதிப்பு எங்கே கூடுகிறது? மலிவு நூல் கிடைத்தவுடன் அவர் செய்தது அதே டி-ஷர்ட்டை அதே விலைக்கு அனுப்பியது. உலகச் சந்தையில் பாதிக்கும் மேல் செயற்கை இழை ஆடை ஆகிப் பல வருடம் ஆயிற்று. நாம் இன்னும் பருத்தி டி-ஷர்ட்டையே கட்டிக்கொண்டிருக்கிறோம். பாலியெஸ்டர்த் துணிக்குச் சாயம் போடும் உயர் அழுத்த மெஷினுக்கும், விளையாட்டு உடைக்கு வேண்டிய நிட்டிங்குக்கும் போட வேண்டிய கவனம், நூல் விலை மனுவில் போனது. அந்த மெஷின் மனுவைவிடச் செலவு, பழகக் காலம் ஆகும், தோற்கவும் வாய்ப்பு உண்டு. மனுத் தோற்றால் இன்னொரு மனுப் போடலாம். அதனால்தான் மனு எப்போதும் ஜெயிக்கிறது.

அரசிடம் எதையுமே கேட்கக் கூடாது என்று நான் சொல்வதாக அவர் திரித்துவிடுவார், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். திருப்பூருக்குப் பவானிப் பகுதியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது 2005ஐ ஒட்டி. அரசும் ஏற்றுமதியாளர் சங்கமும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து கம்பெனி அமைத்துச் செய்த வேலை அது. அதற்காகச் சென்னைக்கும் டெல்லிக்கும் அலைந்தவர்களை நான் கும்பிடுகிறேன். அந்தத் தண்ணீர் உங்கள் சாயப்பட்டறைக்கு வந்ததால் பக்கத்துப் பட்டறைக்கு வராமல் போகவில்லை. அடுத்தவருக்கு இல்லாமல் செய்வதால் அதன் மதிப்புக் கூடவும் இல்லை. கோட்டாவும் நூல் தடையும் அடுத்தவருக்குக் கிடையாது என்ற ஒரே வார்த்தையில் உயிர் வாழ்ந்தவை. இரண்டையும் ஒரே 'டெல்லிக்குப் போவது' என்ற சாக்கில் கட்டிப் போடுவது, கிணறு வெட்டியவரையும் அதில் பூட்டுப் போட்டவரையும் ஒரே மேடையில் உட்கார்த்தி ஒரே சால்வை போர்த்துவது போல.

பேச்சாளருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நூல் ஏற்றுமதியை நிறுத்தச் சொல்லி அடுத்த மனுவை எழுதும்போது, டெல்லிக்குத் தபால் போடும் முன் ஒரு பிரதியைத் திண்டுக்கல் மில்லுக்கும் ஒரு பிரதியைப் பெரம்பலூர் பருத்திக்காட்டுக்கும் அனுப்புங்கள். அவர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டால், அவர்களுக்குக் கீழே நானும் போடுகிறேன்.